இழிவு வர்க்கக் கோடு: செவ்வன் சமன்பாடுகளைக் கையால் தீர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் சூட்டை அளக்க எல்.எம். 35 உணரி ஒன்றைத் தயார்செய்கிறோம். கண்ணாடி வெப்பமானியோடு சேர்த்து ஐந்து இடத்தில் அளந்தாச்சு. புள்ளிகள் நேராக ஒரு கோட்டில் விழவில்லை. அடிமட்டம் வைத்துக் கண்ணால் கீறினால் போதாதா?

பார்ப்பதற்குப் போதும், எண் சொல்வதற்குப் போதாது. மூன்று பேர் கீறினால் மூன்று கோடு வரும். யாருடையது சரி என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். இழிவு வர்க்க முறை அந்த அளவுகோலைத் தருகிறது: ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கோடுவரை நிலைக்குத்தாக உள்ள தூரத்தை எடு, வர்க்கி, எல்லாவற்றையும் கூட்டு. அந்தக் கூட்டுத்தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவோ அதுதான் நமது கோடு.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே எடுத்துக்காட்டைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறோம். x என்பது கண்ணாடி வெப்பமானி காட்டும் பாகை செல்சியஸ், y என்பது மல்ரிமீற்றர் காட்டும் மில்லிவோல்ற்.

| x | 30 | 34 | 38 | 42 | 46 |
|---|---|---|---|---|---|
| y | 304 | 343 | 386 | 424 | 463 |

கன்னியாவின் ஏழு கிணறுகளும் நாற்பது பாகையை ஒட்டித்தான் நிற்கின்றன என்பதால் இந்த வீச்சு பொருத்தமானது. மல்ரிமீற்றரை 2000 மில்லிவோல்ற் அளவில் வையுங்கள். 20 வோல்ற் அளவில் வைத்தால் கடைசி இலக்கம் 10 மில்லிவோல்ற்றாகிவிடும். இந்த உணரிக்கு அது முழுதாக ஒரு பாகை. பிறகு எந்தக் கணக்கும் அதைத் திருத்தாது.

செவ்வன் சமன்பாடுகள் என்று இரண்டைப் பாடமாக்கி வைத்திருக்கிறோம். அவை எங்கிருந்து வருகின்றன?

கோட்டை `y = a + bx` என்று எழுதுவோம். b படித்திறன், a வெட்டுத்துண்டு. ஒரு புள்ளியின் மீதி `r = y - a - bx`. குறைக்க வேண்டியது `Σr²`. இதை a ஐக் குறித்து வகையிட்டுப் பூச்சியமாக்கினால் `Σr = 0` வரும்; b ஐக் குறித்து வகையிட்டால் `Σxr = 0` வரும். முறையின் சாரம் இந்த இரண்டு வரிதான். r க்குப் பதில் விரித்து எழுதினால் நீங்கள் பாடமாக்கியது கிடைக்கும்:

```
n·a  + Σx·b  = Σy
Σx·a + Σx²·b = Σxy
```

பாடமாக்கிய வடிவத்தைவிட மூல வடிவத்தை நினைவில் வைப்பது நல்லது. முதலாவது சொல்வது: மீதிகள் மேலும் கீழும் சமப்பட வேண்டும். இரண்டாவது சொல்வது: மீதிகளில் x ஓடு சேர்ந்து ஏறும் அல்லது இறங்கும் போக்கு எதுவும் மிஞ்சக் கூடாது. விடை வந்தபின் சரிபார்க்கவும் இதே இரண்டுதான் உதவும்.

எண்களைப் போட்டுக் காட்ட முடியுமா?

நான்கு கூட்டுத்தொகைகள் வேண்டும். `Σx = 190`, `Σy = 1920`, `Σx² = 7380`, `Σxy = 74556`. n ஐந்து. ஆகவே:

```
5a   + 190b  = 1920
190a + 7380b = 74556
```

துணிகோவை `5×7380 - 190² = 36900 - 36100 = 800`. பிறகு

```
b = (5×74556 - 190×1920) / 800 = 7980 / 800 = 9.975
a = (7380×1920 - 190×74556) / 800 = 3960 / 800 = 4.95
```

கோடு `y = 4.95 + 9.975x`. எல்.எம். 35 பாகைக்கு 10 மில்லிவோல்ற் தரும்படி செய்யப்பட்டது, எனவே படித்திறன் நம்பத்தக்க இடத்தில் நிற்கிறது.

இனி மீதிகள்: -0.2, -1.1, +2.0, +0.1, -0.8. கூட்டிப் பாருங்கள், பூச்சியம். ஒவ்வொன்றையும் அதன் x ஆல் பெருக்கிக் கூட்டினாலும் பூச்சியம். முதலாவது மட்டும் பூச்சியமானால் போதாது: சராசரிப் புள்ளி (38, 384) வழியாகச் செல்லும் எந்தக் கோட்டுக்கும், படித்திறன் எவ்வளவு பிழைத்திருந்தாலும், மீதிகளின் கூட்டுத்தொகை பூச்சியம்தான். படித்திறனைச் சோதிப்பது இரண்டாவது கூட்டுத்தொகை. பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நாங்கள் Σxy ஐ 74600 என்று மட்டந்தட்டினோம், சின்ன வித்தியாசம்தானே என்று. வெட்டுத்துண்டு மறையாகிவிட்டது! சூத்திரம் பிழையா?

சூத்திரம் சரி. மட்டந்தட்டிய இடம்தான் ஆபத்தானது. 74556 ஐ 74600 ஆக்கியது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத மாற்றம். ஆனால் விடையைப் பாருங்கள்: b 9.975 இலிருந்து 10.25 ஆகிறது, a 4.95 இலிருந்து -5.5 ஆகிறது.

காரணம் கழித்தலில் இருக்கிறது. a இன் தொகுதி 14169600 - 14165640. இரண்டும் எட்டு இலக்க எண்கள், முதல் நான்கு இலக்கங்களும் ஒன்றே. கழிக்கும்போது அவை நான்கும் அழிந்துபோய், வால் பக்கத்து 3960 மட்டும் மிஞ்சுகிறது. நீங்கள் மட்டந்தட்டியது அந்த வால் பக்கத்தைத்தான். பெரிய எண்ணில் சிறிதாகத் தெரிந்த வழு, எஞ்சிய சின்ன எண்ணுக்கு முன்னால் மலையாகிவிடுகிறது.

ஆகவே செவ்வன் சமன்பாடுகளை இந்த வடிவில் தீர்ப்பதானால் கூட்டுத்தொகைகளை ஓர் இலக்கமும் விடாமல் வைத்திருக்க வேண்டும். மட்டந்தட்டுவது கடைசி விடையில் மட்டும். அதைவிட நல்ல வழி, கழித்தலை முன்கூட்டியே செய்துவிடுவது.

முன்கூட்டியே கழிப்பது என்றால்?

ஒவ்வொரு x இலிருந்தும் x இன் இடையைக் கழியுங்கள், y க்கும் அப்படியே. இங்கே இடைகள் 38, 384.

| x - 38 | -8 | -4 | 0 | 4 | 8 |
|---|---|---|---|---|---|
| y - 384 | -80 | -41 | 2 | 40 | 79 |

இப்போது x விலகல்களின் கூட்டுத்தொகை பூச்சியம். இரண்டு சமன்பாடுகளும் ஒன்றோடொன்று பின்னாமல் பிரிந்துவிடுகின்றன. விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 160, பெருக்கங்களின் கூட்டுத்தொகை `640 + 164 + 0 + 160 + 632 = 1596`. படித்திறன் `1596 / 160 = 9.975`. அவ்வளவுதான். எட்டு இலக்க எண் எதுவும் வரவில்லை, கல்குலேற்றர் இல்லாமலே முடிகிறது. 1596 ஐ 1600 என்று மட்டந்தட்டினாலும் படித்திறன் 10.0 ஆகுமே தவிர ஓடிப்போகாது.

கோட்டையும் இதே வடிவில் எழுதி வைக்கலாம்: `y = 384 + 9.975(x - 38)`. எங்களைக் கேட்டால், குறிப்பேட்டில் இந்த வடிவத்தையே எழுதுங்கள் என்போம். வெட்டுத்துண்டு தேவைப்படும்போது x க்குப் பூச்சியம் போட்டுக்கொள்ளலாம்.

பைதனில்:

```python
x = [30, 34, 38, 42, 46]
y = [304, 343, 386, 424, 463]
n = len(x)
mx, my = sum(x)/n, sum(y)/n
sxx = sum((p - mx)**2 for p in x)
sxy = sum((p - mx)*(q - my) for p, q in zip(x, y))
b = sxy / sxx
print(b, my - b*mx)
```

விரிதாளில் `SLOPE`, `INTERCEPT` என்ற இரண்டும் இதைச் செய்யும். அவற்றில் y நிரலை முதலில் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் தாள் முறையிடாது, 0.1 ஐ ஒட்டிய ஒரு படித்திறனைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும்.

கணினிக்குத்தான் நிறைய இலக்கம் இருக்கிறதே. அதற்கும் இந்தப் பயம் தேவையா?

x நேரமாக இருந்தால் தேவை. உணரியிலிருந்து செக்கனுக்கு ஒரு வாசிப்பு எடுத்து, 1970 இலிருந்து எண்ணும் யுனிக்ஸ் நேரத்தை அப்படியே x ஆகப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். x 1700000000 போன்ற ஓர் எண். அடுத்தடுத்த ஐந்து செக்கன்களுக்குத் துணிகோவை சரியாக 50 வர வேண்டும். ஆனால் அது 7.2×10¹⁹ அளவிலான இரண்டு எண்களின் வித்தியாசம். அந்த உயரத்தில் கணினியின் இரட்டைத் துல்லிய எண்கள் 8192 இடைவெளியில்தான் இருக்கின்றன. 50 என்ற விடை அந்த இடைவெளிக்குள் விழுந்து காணாமல் போகும். வருவது பூச்சியமாகவும் இருக்கலாம், பல ஆயிரமாகவும் இருக்கலாம், மறையாகவும் இருக்கலாம். துணிகோவை மறையாக வந்தால் அதுவே சாட்சி: உண்மையில் அது n தடவை விலகல் வர்க்கக் கூட்டுத்தொகை, மறையாக முடியாது.

இடையைக் கழித்தால் x ஆனது -2, -1, 0, 1, 2 ஆகி எல்லாம் சுகமாகிவிடும். முதல் வாசிப்பின் நேரத்தைக் கழித்தாலும் பெரும்பாலும் போதும்.

ஆர்டுயினோ ஊனோ R3 இல் நிலைமை இன்னும் இறுக்கம். அதில் `double` என்று எழுதினாலும் கிடைப்பது நான்கு பைற் `float` தான், 16777216 க்கு மேல் எல்லா முழு எண்களையும் அதனால் சரியாக வைத்திருக்க முடியாது. நமது 14169600 மயிரிழையில் தப்புகிறது. 50 பாகையில் ஆறாவது புள்ளி ஒன்றைச் சேர்த்தால் தப்பாது.

விரிதாளில் திகதியை x ஆக வைப்போருக்கு வேறொரு குழப்பம். அங்கே திகதி என்பது 1900 இலிருந்து எண்ணிய நாள். 2024 சனவரி 1 என்பது 45292. வெட்டுத்துண்டு 1900 ஆம் ஆண்டின் மதிப்பைச் சொல்லும். கிணற்று நீர்மட்டம் மறை முந்நூறு மீற்றர் என்று வந்தால் திகைக்க வேண்டாம், கோடு சரியாகவே இருக்கலாம்.

எல்.எம். 35 பூச்சியம் பாகையில் பூச்சியம் மில்லிவோல்ற் தர வேண்டும். எங்களுக்கு 4.95 வருகிறது. கோட்டை வலுக்கட்டாயமாகப் பூச்சியம் வழியாக விடலாமா?

முதலில் அந்த 4.95 எவ்வளவு உறுதியானது என்று பார்க்க வேண்டும். மீதிகளின் வர்க்கக் கூட்டுத்தொகை 5.90. ஐந்து புள்ளிகளிலிருந்து a, b இரண்டையும் எடுத்துவிட்டதால் மிஞ்சுவது மூன்று, `√(5.90/3) = 1.40` மில்லிவோல்ற். ஒரு வாசிப்பு கோட்டிலிருந்து வழக்கமாக அலையும் அளவு இது. இதிலிருந்து

```
b இன் நியம வழு = 1.40 / √160              = 0.11
a இன் நியம வழு = 1.40 × √(1/5 + 38²/160)  = 4.26
```

படித்திறன் 9.975, வழு 0.11. அது உறுதி. வெட்டுத்துண்டு 4.95, வழு 4.26. அது உறுதியில்லை, பூச்சியமாகவும் இருந்திருக்கலாம். புள்ளிகள் 30 க்கும் 46 க்கும் இடையில் இருக்க, வெட்டுத்துண்டைப் பார்க்க 38 பாகை இடப்பக்கம் போக வேண்டியிருக்கிறது. சூத்திரத்தில் உள்ள 38² அந்தத் தூரத்துக்கான தண்டனை.

பூச்சியம் வழியாக விட்டால் ஒரே சமன்பாடு மிஞ்சும்: `b = Σxy/Σx² = 74556/7380 = 10.10`. மீதிகள் +0.9, -0.5, +2.1, -0.3, -1.7. கூட்டுத்தொகை இப்போது பூச்சியமில்லை. வலது முனை கோட்டுக்குக் கீழே தொங்குகிறது. வர்க்கக் கூட்டுத்தொகை 5.90 இலிருந்து 8.56 ஆகக் கூடுகிறது.

எங்கள் தீர்ப்பு: விடாதீர்கள். உணரிக்கும் மல்ரிமீற்றருக்கும் சில மில்லிவோல்ற் நிலையான பெயர்ச்சி இருப்பது சாதாரணம். அதை வெட்டுத்துண்டு ஏற்றுக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் அந்தப் பாரம் படித்திறன் தலையில் விழும்.

ஐந்து புள்ளியையும் கிணறுகள் இருக்கும் 40, 42 பாகைக்குள்ளேயே எடுத்தால் இன்னும் திருத்தமாக வராதா?

கோட்டின் உயரத்துக்கு நட்டமில்லை, படித்திறனுக்குப் பெரிய நட்டம். 40, 40.5, 41, 41.5, 42 என்று எடுத்தால் விலகல் வர்க்கக் கூட்டுத்தொகை 160 இலிருந்து 2.5 ஆகிவிடும். 64 மடங்கு குறைவு, ஆகவே படித்திறனின் நியம வழு 8 மடங்கு கூடி 0.89 ஆகும். அப்படிப்பட்ட வழுவோடு பாகைக்கு 9 மில்லிவோல்ற்றா 11 மில்லிவோல்ற்றா என்றே சொல்ல முடியாது. எல்லாப் புள்ளிக்கும் ஒரே x என்றால் துணிகோவை பூச்சியம், கோடே இல்லை.

முனைகளைத் தள்ளி வைப்பதில் ஒரு கவனம். சுடுதண்ணீர்ப் போத்தலிலிருந்து கோப்பையில் ஊற்றிய 46 பாகை நீர் வேகமாக ஆறும். கச்சான் காற்று அடிக்கும் யன்னல் ஓரத்தில் வைத்தால் மேல்நீர் ஒரு சூடு, அடிநீர் ஒரு சூடு. வெப்பமானியின் குமிழையும் உணரியையும் ஒன்றாகக் கட்டி, கலக்கிக்கொண்டே வாசியுங்கள். உணரி பின்தங்கினால் எல்லா உயர் வாசிப்புகளும் ஒரே பக்கம் சாயும். அந்தச் சாய்வை முறை வழுவாக எண்ணாது, படித்திறனாக எண்ணிவிடும்.

463 ஐ 436 என்று மாற்றி எழுதிவிட்டோம் போல. மீதியைப் பார்த்து எந்தப் புள்ளி பிழை என்று கண்டுபிடிக்கலாமா?

எப்போதும் முடியாது, இந்த இடத்தில் குறிப்பாகக் கடினம். 436 ஓடு கணித்தால் கோடு `y = 50.85 + 8.625x`. மீதிகள் -5.6, -1.1, +7.4, +10.9, -11.6. உண்மையில் 27 மில்லிவோல்ற் பிழைத்த புள்ளி 11.6 மட்டுமே காட்டுகிறது. எந்தக் குற்றமும் செய்யாத 42 பாகைப் புள்ளி 10.9 காட்டி, ஏறக்குறைய அதே அளவுக்குக் குற்றவாளியாக நிற்கிறது.

முனைப் புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுப்பதுதான் காரணம். எவ்வளவு இழுக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு: `1/n + (x - இடை)²/Sxx`, இங்கே `Sxx` என்பது அந்த 160. முனைக்கு `0.2 + 64/160 = 0.6`, நடுப் புள்ளிக்கு வெறும் 0.2. அதாவது முனையில் 27 பிழைத்தால் கோடு 16.2 கூடவே இறங்கிவிடும், 10.8 தான் மீதியில் தெரியும். வர்க்கிப்பதால் பெரிய தூரத்துக்குப் பெரிய அபராதம், அதைத் தவிர்க்கக் கோடு வளைந்து கொடுக்கிறது.

சந்தேகப்படும் புள்ளியை ஒதுக்கிவிட்டு மற்ற நான்கிற்கும் கோடு போட்டுப் பாருங்கள். இங்கே படித்திறன் 10.075 வரும், 46 பாகைக்கு 465 என்று சொல்லும். எழுதியிருப்பது 436. இடைவெளி 29 ஆக வெளிப்படையாகத் தெரிகிறது. இலக்கம் மாறியது என்று உறுதியானால் திருத்துங்கள். காரணம் தெரியாவிட்டால் மறுபடி அளங்கள். கோட்டுக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக மட்டும் புள்ளியை அழிப்பது கணக்கல்ல.

R² 0.9996 வந்தது. அப்படியானால் கோடு நல்லதுதானே?

R² என்பது y இன் பரவலில் கோடு விளக்கும் பங்கு, ஆகவே அந்த எண் y எவ்வளவு பரந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. வீச்சை அகட்டினால் மெல்லிய வளைவுள்ள தரவுக்கும் 0.99 வரும். மீதிகளை x வரிசையில் எழுதிக் குறிகளைப் பாருங்கள். மறை, மறை, நேர், நேர், நேர், மறை, மறை என்று குவியலாக வந்தால் கோடு அல்ல, வளைவு. நமது ஐந்தில் நடுவில் +2.0 நிற்கிறது, வளைவு என்று சொல்ல அது போதாது, இல்லை என்று சொல்லவும் ஐந்து புள்ளி போதாது.

கடைசியில் எங்களுக்கு வேண்டியது மில்லிவோல்ற்றிலிருந்து பாகை. x, y ஐ மாற்றிப்போட்டு மறுபடி கோடு போட வேண்டுமா?

வேண்டாம். இந்த முறை வழு முழுவதையும் y மேல் போடுகிறது. மாற்றிப் போட்டால் வேறொரு தூரத்தைக் குறைக்கிறீர்கள், வேறொரு கோடு வரும். நமது தரவில் அந்தக் கோட்டின் படித்திறனைத் திருப்பினால் 9.979, வித்தியாசம் அற்பம். புள்ளிகள் சிதறியிருந்தால் அற்பமாக இராது. கண்ணாடி வெப்பமானியை நியமமாக ஏற்றுக்கொண்டதால் x பக்கத்தை நம்பி, கிடைத்த கோட்டையே திருப்பிப் பயன்படுத்துங்கள்:

```
x = (y - 4.95) / 9.975
```

ஒரு கிணற்றில் 412 வந்தால் `407.05 / 9.975 = 40.8` பாகை. அந்த வாசிப்பின் அலைவு, கோட்டின் நிச்சயமின்மை இரண்டையும் சேர்த்தால் நியம வழு சுமார் 0.16 பாகை. மூன்று சுயாதீன அளவைகள் மட்டும் மிஞ்சியிருப்பதால் 95 வீத எல்லைக்கு அதை 3.18 ஆல் பெருக்க வேண்டும், அரைப் பாகை வரும். 40.8 ± 0.5 என்று எழுதுங்கள். பக்கத்துக் கிணறு 0.2 பாகை கூடுதல் என்று அறிக்கையில் எழுத இந்த ஐந்து புள்ளிகள் இடம் தரா. அதற்கு ஒவ்வொரு கிணற்றிலும் பல வாசிப்புகளும், இன்னும் பத்துப் பதினைந்து அளவுதிருத்தப் புள்ளிகளும் வேண்டும்.